"பார்த்துச் செய்யுங்க சார்": சம்பள உயர்வை சாட்டில் கேட்பதா, குறிப்பு எழுதிக் கேட்பதா?

முன்பு என் டீமில் வேலை பார்த்த ஒரு பெண் இப்போது வேறொரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் இருக்கிறாள். ஓர் இரவு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பி, "அக்கா, இதை எங்க சாருக்கு அனுப்பலாமா?" என்று கேட்டாள். தட்டச்சு செய்து முடித்து, அனுப்பாமல் வைத்திருந்த சாட் செய்தி அது.

> சார் ஒரு விஷயம், ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன். டீம் லீட் போனதுல இருந்து அவங்க வேலையும் சேர்த்து நான்தான் பாக்குறேன், உங்களுக்கே தெரியும். புதுசா வந்தவங்களுக்கு என்னைவிட சம்பளம் அதிகம்னு கேள்விப்பட்டேன், மனசுக்கு கஷ்டமா இருந்துச்சு. வீட்டு வாடகை வேற ஏறிடுச்சு. எனக்கும் வெளியில கூப்பிடுறாங்க, ஆனா இங்கயே இருக்கணும்னுதான் ஆசை. கொஞ்சம் பார்த்துச் செய்யுங்க சார்.

இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. எட்டு மாதமாக அவள் இரண்டு பேர் வேலை பார்க்கிறாள். ஆனாலும் அனுப்ப வேண்டாம் என்று சொன்னேன். ஒன்பது வருடம் மேனேஜராக இருந்தபோது இப்படிப்பட்ட செய்திகள் எனக்கும் வந்திருக்கின்றன. அவை எங்கே போய் நிற்கும் என்று தெரியும் என்பதால்தான் சொன்னேன்.

பெரும்பாலான நிறுவனங்களில் நேரடி மேனேஜரால் தனியாகச் சம்பளத்தைக் கூட்ட முடியாது. அவர் பரிந்துரைதான் எழுதுவார். அதை அவருக்கு மேலே இருப்பவர் பார்ப்பார், அந்தப் பதவிக்கென்று வைத்திருக்கும் சம்பள வரம்புக்குள் வருகிறதா என்று ஹெச்.ஆர். பார்க்கும், பட்ஜெட்டில் இடம் இருக்கிறதா என்று நிதிப் பிரிவு பார்க்கும். இவர்களில் பலர் உங்களை நேரில் பார்த்திருக்கவே மாட்டார்கள். உங்களைப் பற்றி அவர்கள் கையில் கிடைப்பது மேனேஜர் எழுதி அனுப்பும் நாலு வரி. அந்த நாலு வரியை அவர் எங்கிருந்து எடுப்பார்? நீங்கள் எழுதியதிலிருந்து எடுக்க முடிந்தால் அதிலிருந்து எடுப்பார். முடியாவிட்டால், ஞாபகத்தில் இருப்பதை வைத்து, வேறு பத்து வேலைகளுக்கு நடுவே எழுதுவார்.

அதனால் எந்த வடிவத்தை ஒப்பிட்டாலும் நான் ஒரே கேள்வியைத்தான் வைத்துப் பார்ப்பேன்: இந்த வரியை மேனேஜர் அப்படியே வெட்டி ஒட்டி மேலே அனுப்ப முடியுமா? "பார்த்துச் செய்யுங்க" என்பதை அனுப்ப முடியாது. எவ்வளவு, எதற்கு, எப்போதிலிருந்து என்ற மூன்றும் அதில் இல்லை. கேட்பவர் செய்ய வேண்டிய கணக்கைக் கேட்கப்படுபவர் தலையில் வைக்கிறது அந்த வார்த்தை.

எந்த வழியில் கேட்பது

அவள் முன்னால் மூன்று வழிகள் இருந்தன. சாட்டிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுவது ஒன்று. நேரில் போய்ப் பேசுவது இன்னொன்று. மெயிலில் முறையான குறிப்பு அனுப்புவது மூன்றாவது.

சாட்டின் சௌகரியம் நமக்குத்தான். மனதில் இருப்பதைக் கொட்டிவிட்ட நிம்மதி உடனே கிடைக்கும். எதிர்ப்பக்கத்தில் அவர் ஒரு மீட்டிங்குக்கு நடுவே அதைப் படிப்பார், "பேசலாம்மா" என்று பதில் போடுவார், அப்புறம் அதன் மேல் இன்னும் நூறு செய்திகள் வந்து விழும். அந்தப் "பேசலாம்" மூன்று வாரம் அப்படியே கிடக்கும். மறுபடி கேட்கப் போனால் நச்சரிக்கிற மாதிரி நமக்கே கூச்சமாக இருக்கும்.

நேரில் பேசுவது நல்லது, ஆனால் அது மட்டும் போதாது. நீங்கள் இருபது நிமிடம் பேசியதை அவர் தன் மேலதிகாரியிடம் இரண்டு நிமிடத்தில் சொல்வார். எட்டு மாதம் என்றது "கொஞ்ச நாளாக" ஆகிவிடும், மூன்று பொறுப்புகள் "கூடுதல் வேலை" ஆகிவிடும். அவர் கெட்டவர் என்பதால் அப்படி ஆவதில்லை. வாய்வழியாகப் போகும் எந்தச் செய்தியும் போகப் போகச் சுருங்கும்.

முன்னறிவிப்பே இல்லாமல் மெயில் அனுப்பினால் வேறு சிக்கல் வரும். திடீரென்று வந்த முறையான கடிதத்துக்கு அவரும் முறையாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். இன்னும் யாரிடமும் பேசாத நிலையில் அவர் பாதுகாப்பாகச் சொல்லக்கூடிய பதில் "இப்போதைக்கு இல்லை" என்பதுதான். எழுத்தில் ஒருமுறை மறுத்துவிட்டால் அதிலிருந்து பின்வாங்குவது அவருக்கும் கஷ்டம்.

அதனால் நான் அவளுக்குச் சொன்னது மூன்றையும் கலந்த வழி. சாட்டில் இரண்டே வரி: "சார், என் பொறுப்புகள், சம்பளம் பற்றி அரை மணி நேரம் பேச வேண்டும். இந்த வாரம் எப்போது சௌகரியம்? முந்தின நாளே ஒரு பக்கக் குறிப்பு அனுப்பிவிடுகிறேன்." குறிப்பு முந்தின நாள் மெயிலில் போக வேண்டும். பேச்சு நேரில் நடக்க வேண்டும். பேசி முடித்த அன்றே, பேசியதைச் சொல்லி இரண்டு வரி மெயில் போக வேண்டும்.

இதோடு இன்னொன்றையும் அவளிடம் கேட்கச் சொன்னேன்: "இந்த முறை சம்பளப் பரிந்துரைகளை நீங்கள் எந்தத் தேதிக்குள் அனுப்ப வேண்டும் சார்?" அப்ரைசல் கடிதம் கைக்கு வரும்போது பணம் ஏற்கெனவே பங்கு பிரிக்கப்பட்டிருக்கும். கடிதத்தைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்கள்தான் அதிகம். அந்த நேரத்தில் மேனேஜர் மனது வைத்தாலும் எடுத்துக் கொடுக்க எதுவும் மிஞ்சியிருக்காது. பரிந்துரைத் தேதிக்கு இரண்டு மாதம் முன்பு கேட்பதுதான் சரியான நேரம்.

எந்தக் காரணத்தை வைப்பது

அவளுடைய சாட்டில் நான்கு காரணங்கள் இருந்தன: வாடகை, புதியவர்களின் சம்பளம், வெளியிலிருந்து வரும் அழைப்பு, லீட் செய்த வேலை. நாலும் சேர்ந்தால் பலம் கூடும் என்று அவள் நினைத்தாள். படிப்பவருக்கு அப்படித் தெரியாது. நாலில் எது பலவீனமோ அதற்குத்தான் முதலில் பதில் வரும்.

வாடகை உண்மையான கஷ்டம். ஆனால் அது டீமில் எல்லோருக்கும் உள்ள கஷ்டம். விலைவாசியைக் காரணம் காட்டி ஒருவருக்கு மட்டும் உயர்த்த மேனேஜரால் முடியாது, "அப்படியென்றால் மற்றவர்களுக்கு?" என்று மேலே கேட்பார்கள். அதை எடுத்துவிடச் சொன்னேன். அவளுக்கு அது வருத்தமாகத்தான் இருந்தது. அந்தச் செய்தியை எழுத வைத்ததே வாடகைதானே. நேரில் பேசும்போது மனிதருக்கு மனிதராக அதைச் சொல்வதில் தவறில்லை. மேலே போகும் தாளில் அது வேண்டாம்.

புதியவர்களின் சம்பளம் பற்றிய வரியில்தான் நாங்கள் வெகுநேரம் நின்றோம். அவளுடைய ஆதங்கம் நியாயமானது. வெளியிலிருந்து ஆள் எடுக்கும்போது சந்தை விலை கொடுக்கிறார்கள், உள்ளே இருப்பவருக்கு வருடத்துக்குச் சில சதவீதம்தான் கூடுகிறது. அதனால் சில வருடங்களில் பழையவரைப் புதியவர் தாண்டிவிடுவது பல இடங்களில் நடக்கிறது. ஆனால் "கேள்விப்பட்டேன்" என்று எழுதினால் பேச்சு திசை மாறிவிடும். யார் சொன்னது என்பது முதல் கேள்வியாகும். இன்னொருவர் சம்பளத்தை மேனேஜர் உங்களிடம் பேச முடியாது, அதனால் அந்த வரிக்குப் பதிலே வராது. சொன்ன தோழிக்கும் சங்கடம்.

அதே நியாயத்தைச் சொல்ல வேறு ஆதாரம் இருக்கிறதா என்று தேடினோம். இருந்தது. லீட் போன பிறகு அந்த இடத்துக்கு ஆள் தேடி அவளுடைய நிறுவனமே ஒரு விளம்பரம் போட்டிருந்தது. பிறகு ஆள் எடுக்காமல் நிறுத்திவைத்துவிட்டார்கள். அந்த விளம்பரத்தில் லீட் செய்ய வேண்டிய ஐந்து பொறுப்புகளும் சம்பளத்தின் கீழ் வரம்பும் எழுதியிருந்தன. அது யாரும் மறுக்க முடியாத தாள். சம்பளம் போடாத விளம்பரமாக இருந்திருந்தால், மற்ற நிறுவனங்களின் இதே வகை விளம்பரங்கள் மூன்றை எடுக்கச் சொல்லியிருப்பேன். அப்போது பதவியின் பெயரைப் பார்க்கக் கூடாது, கீழே எழுதியிருக்கும் வேலைகளைப் பார்க்க வேண்டும். ஓரிடத்து லீட் இன்னோரிடத்தில் சாதாரண ஊழியர்.

வெளியில் கூப்பிடுகிறார்கள் என்ற வரியைப் பற்றி நேராகவே கேட்டேன்: "கையில் ஆஃபர் இருக்கா?" இல்லை. ஆள் தேடும் ஒருவர் போனில் பேசியிருக்கிறார், அவ்வளவுதான். கையில் இல்லாத ஆஃபரைச் சொன்னால், "சரி, போய்ட்டு வாங்க" என்பதற்கு நம்மிடம் பதில் இருக்காது. கையில் இருந்தாலும் நான் அதைக் குறிப்பில் எழுதச் சொல்ல மாட்டேன், வாயால் சொல்லலாம். எழுதிய வரி கோப்பில் தங்கிவிடும், இவர் போகப்போகிறவர் என்ற எண்ணத்தோடு. உண்மையிலேயே போகத் தயாராக இருக்கும்போதுதான் அந்தப் பேச்சு.

மிச்சம் இருந்தது ஒரே காரணம், லீட்டின் வேலை. அது ஒன்றே போதும் என்று எனக்குத் தோன்றியது, ஆனால் "அவங்க வேலையும் நான்தான் பாக்குறேன்" என்பது யாருக்கும் எதையும் காட்டவில்லை. விளம்பரத்தில் இருந்த ஐந்து பொறுப்புகளையும் ஒவ்வொன்றாக எடுத்து, "இது நீ செய்கிறாயா?" என்று கேட்டேன். ஷிப்ட் அட்டவணை, ஆம். புதியவர்களுக்குப் பயிற்சி, ஆம். மற்றவர்களால் தீர்க்க முடியாத புகார்கள், ஆம். மாத மதிப்பீடு, இல்லை, அதை மேனேஜரே செய்கிறார். ஆள் எடுப்பது, இல்லை. ஆக, ஐந்தில் மூன்று.

"எல்லாத்தையும் நான்தான் பாக்குறேன்னு நினைச்சேன்க்கா" என்றாள். ஐந்தில் மூன்று என்பது அந்த "எல்லாம்" என்பதைவிடப் பலமான வார்த்தை. சரிபார்த்தால் சரியாக இருக்கும்.

எண்களையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தோம். வாடிக்கையாளர் திருப்தி மதிப்பெண் கூடியிருக்கிறது என்று சொல்ல விரும்பினாள். அது கூடியதற்கு அவள் மட்டும் காரணம் என்று காட்ட முடியாது, அதே சமயத்தில் புது மென்பொருளும் வந்திருந்தது. பயிற்சி விஷயம் வேறு. முன்பு புதிதாகச் சேர்ந்தவர் தனியாக அழைப்புகளை எடுக்க ஆறு வாரம் ஆகும். இவள் இரண்டாவது வாரத்திலேயே அவர்களை மெயில் புகார்களுக்குப் பதில் எழுத வைத்தாள். பொருளைப் பற்றி அங்கேயே கற்றுக்கொண்டதால் நாலு வாரத்தில் தயாராகிவிட்டார்கள். நாலு பேர், ஆளுக்கு இரண்டு வாரம், மொத்தம் எட்டு வாரம் மிச்சம். என்ன செய்தாள், அதனால் என்ன ஆனது என்று இரண்டும் சேர்ந்து தெரிகிற எண் அது.

அவள் மறைக்க நினைத்த எண் ஒன்றும் இருந்தது. முன்பு ஒரு நாளைக்கு 42 அழைப்புகளை முடித்தவள், இப்போது 36 தான் முடிக்கிறாள். அதைக் கட்டாயம் எழுதச் சொன்னேன். மேனேஜரின் திரையில் அது எப்படியும் தெரிகிறது. நாம் சொல்லாவிட்டால் அது குறை. கூடுதல் வேலைக்குப் போன நேரத்தோடு சேர்த்து நாமே சொன்னால், அந்த வேலை எவ்வளவு நேரம் தின்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

எவ்வளவு கேட்பது

"முப்பது சதவீதம் கேட்டாத்தானே பதினைந்தாவது வரும்?" என்பது அவள் கணக்கு. நிறையப் பேர் கணக்கும் அதுதான். பேரம் பேசும் இடத்தில் முதலில் சொல்லும் எண் முடிவைத் தன் பக்கம் இழுக்கும் என்பதும் உண்மை. ஆனால் இந்தத் தாள் மேலே போகிறது. முப்பது ஏன் என்று அங்கே கேட்டால் மேனேஜரிடம் பதில் இருக்க வேண்டும். அவளிடமே இல்லை.

எண்ணே சொல்லாமல் விடுவது இதற்கு நேர் எதிர். அப்போது வழக்கமான வருடாந்திர உயர்வு வரும், அதுவே உங்கள் கோரிக்கைக்குப் பதில் என்று கணக்கில் எழுதப்படும். 12 முதல் 18 வரை என்று வீச்சாகச் சொன்னால் பட்ஜெட் போடுகிறவர் 12 என்று படிப்பார் என்பது என் அனுபவம். கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேனியல் ஏம்ஸும் மாலியா மேசனும் 2015-இல் வெளியிட்ட ஆய்வு, வீச்சாகக் கேட்பது பலன் தரவும் கூடும் என்று காட்டியது. ஆனால் அவர்கள் சொன்ன நல்ல வீச்சு, நாம் விரும்பும் எண்ணில் தொடங்கி மேலே போவது. விரும்பும் எண்ணை நடுவில் வைத்துக் கீழே இறங்குவது அல்ல.

எப்படி வந்தது என்று கணக்குக் காட்டக்கூடிய ஒற்றை எண்ணை நாங்கள் தேர்ந்தெடுத்தோம். அவளுடைய இப்போதைய சம்பளம் 100 என்றால், விளம்பரத்தில் லீட் பதவியின் கீழ் வரம்பு 125. வித்தியாசம் 25. ஐந்தில் மூன்று பொறுப்பு என்றால் அதில் அறுபது சதவீதம், அதாவது 15. ஐந்து பொறுப்பும் ஒரே எடை இல்லை என்று ஒருவர் வாதிடலாம். வாதிடட்டும். அப்போது பேச்சு எந்தப் பொறுப்புக்கு எவ்வளவு என்று நடக்கும். கொடுப்பதா வேண்டாமா என்ற இடத்தைத் தாண்டி வந்துவிட்டோம் என்று அர்த்தம்.

பதினைந்து முடியாவிட்டால் எதற்குச் சம்மதிப்பாள் என்பதையும் பேசி வைத்தோம், ஆனால் குறிப்பில் எழுதவில்லை. மாற்று வழியை எழுதிக் கொடுத்தால் அதுவே முதல் பதிலாக வந்துவிடும்.

இதுதான் அவள் கடைசியில் அனுப்பிய குறிப்பு.

> பொருள்: கூடுதல் பொறுப்புகளின் அடிப்படையில் சம்பள உயர்வுக் கோரிக்கை
>
> சார்,
>
> என் அடிப்படைச் சம்பளத்தை 15 சதவீதம் உயர்த்த, இந்தச் சுற்றில் பரிந்துரைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். லீட் பதவிக்குரிய ஐந்து பொறுப்புகளில் மூன்றை எட்டு மாதங்களாக என் வேலையுடன் சேர்த்துச் செய்து வருகிறேன்.
>
> அவை: 11 பேருக்கான ஷிப்ட் அட்டவணை, மற்றவர்களால் தீர்க்க முடியாத, வாரத்துக்குச் சராசரியாக 9 புகார்கள், புதியவர்களுக்கான பயிற்சி. மாத மதிப்பீடும் ஆள் எடுப்பும் என்னிடம் இல்லை.
>
> பயிற்சியில், இரண்டாம் வாரத்திலேயே மெயில் புகார்களைக் கையாள வைத்ததால், புதியவர் ஒருவர் தனியாக அழைப்பு எடுக்க ஆகும் காலம் 6 வாரத்திலிருந்து 4 வாரமாகக் குறைந்தது. இதுவரை 4 பேர் இப்படித் தயாராகியுள்ளனர். இந்த வேலைகளுக்கு நேரம் ஒதுக்குவதால் நான் முடிக்கும் அழைப்புகள் நாளொன்றுக்கு 42-இலிருந்து 36 ஆகியுள்ளன.
>
> நம் நிறுவனம் வெளியிட்ட லீட் பதவி விளம்பரத்தின் கீழ் வரம்பு என் இப்போதைய சம்பளத்தைவிட 25 சதவீதம் அதிகம். ஐந்தில் மூன்று பொறுப்புகளுக்கு அதில் அறுபது சதவீதம் என்ற கணக்கில் 15 சதவீதம் கேட்கிறேன். விளம்பரத்தையும் அட்டவணைப் பதிவுகளையும் இணைத்துள்ளேன்.
>
> நாளை சந்திக்கும்போது விரிவாகப் பேசலாம்.

சாட்டில் இருந்த "உங்களுக்கே தெரியும்" இதில் இல்லை. அவருக்குத் தெரியும், அவருக்கு மேலே இருப்பவருக்குத் தெரியாது. "தயவுசெய்து", "தவறாக நினைக்க வேண்டாம்" போன்றவற்றையும் எடுத்துவிட்டோம். மரியாதை "சார்" என்பதிலும் "கேட்டுக்கொள்கிறேன்" என்பதிலும் இருக்கிறது.

சந்திப்பில் அவர் முதலில் சொன்னது, "இவ்வளவு இருக்குன்னு எனக்கே கணக்கு இல்லம்மா." அப்புறம், பதினைந்து கஷ்டம், ஒருதடவை போனஸாகக் கொடுத்துவிடலாமா என்று கேட்டார். இதற்கு அவள் தயாராக இருந்தாள். போனஸ் ஒருமுறை வந்து போய்விடும், அடுத்த வருட உயர்வு பழைய 100-இன் மேல்தான் கணக்கிடப்படும். நாலு சதவீதம் கூட்டினால் 104. அடிப்படைச் சம்பளம் 12 சதவீதம் உயர்ந்திருந்தால் அதே நாலு சதவீதம் 116.48-க்குக் கொண்டுபோகும். "கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை சார், அடிப்படைச் சம்பளத்திலேயே வரட்டும்" என்றாள். இந்தப் பதவியின் சம்பள வரம்பில் அவள் ஏற்கெனவே உச்சியில் இருந்திருந்தால் இது நடந்திருக்காது. "பட்ஜெட் இல்லை" என்று சொல்லாமல் "இந்த கிரேடுக்கு இவ்வளவுதான்" என்று பதில் வந்தால் அதுதான் அறிகுறி, அப்போது கேட்க வேண்டியது பதவி உயர்வு.

அன்று மாலை அவள் அனுப்பிய மெயில் இரண்டு வரிதான்: "சார், இன்று பேசியபடி அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீத உயர்வுக்கு நீங்கள் பரிந்துரைப்பதாகவும், லீட் பதவி பற்றி ஆறு மாதத்தில் மறுபடி பேசுவதாகவும் புரிந்துகொண்டேன். வேறு ஏதாவது விவரம் தேவைப்பட்டால் சொல்லுங்கள்." அவர் அந்த மெயிலையும் முந்தைய குறிப்பையும் சேர்த்து, மேலே ஒரே ஒரு வரி எழுதி, தன் மேலதிகாரிக்கு அனுப்பிவிட்டு அவளுக்கும் நகல் போட்டிருந்தார்: "நான் முழுவதும் ஆதரிக்கிறேன், விவரம் கீழே."